84 காட்டினால் நம்பலாமா? விரலில் மாட்டிய சென்சாரும் மார்பில் ஒட்டிய லீடும்

வார்டில் மானிட்டரைப் பற்றி அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார், மூச்சு சீராக இருக்கிறது, ஆனால் இரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று சொல்லும் SpO2 84 என்று காட்டுகிறது. இயந்திரம் பொய் சொல்கிறதா? நோயாளியின் உடலில் நமக்கு இன்னும் தெரியாத ஏதோ நடக்கிறதா? மருந்து ஊசியைத் தேடுவதா, வேறு சென்சாரைத் தேடுவதா?

பதில் பெரும்பாலும் அதே திரையில்தான் இருக்கிறது. அதைப் படிக்க, அந்த 84 என்ற எண் எப்படிப் பிறக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த எண்ணைத் தருவது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். அதன் சென்சாரில் ஒரு பக்கம் இரண்டு சிறிய எல்இடி விளக்குகள் இருக்கும். ஒன்று சிவப்பு, அலைநீளம் சுமார் 660 நானோமீட்டர். மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, சுமார் 940 நானோமீட்டர். எதிர்ப்பக்கம் ஒரே ஒரு ஒளி உணரி. அந்த உணரிக்கு நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் வந்தது என்று மட்டும்தான் தெரியும். அதனால் இரண்டு விளக்குகளும் ஒன்று மாற்றி ஒன்றாக, நொடிக்குப் பல நூறு முறை எரிந்து அணைகின்றன. நடுவே இரண்டும் அணைந்திருக்கும் ஒரு கணமும் உண்டு. அப்போது உணரிக்கு வருவது அறையின் வெளிச்சம் மட்டுமே. கருவி அதை அளந்து மற்ற இரண்டு அளவுகளிலிருந்தும் கழித்துவிடுகிறது.

ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் தடுக்காது, அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபின் நேர்மாறு: சிவப்பை நிறைய விழுங்கிக்கொள்ளும். எனவே எந்த நிறம் எவ்வளவு குறைந்து வெளியே வருகிறது என்று பார்த்தால் இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல், விரலில் இரத்தம் மட்டும் இல்லை என்பதுதான். தோல், நகம், எலும்பு, சதை, சிரை இரத்தம் எல்லாமே ஒளியை உறிஞ்சுகின்றன. தமனி இரத்தத்தின் பங்கை மட்டும் எப்படித் தனியே பிரிப்பது?

1970-களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பணியாற்றிய தக்குவோ அவோயாகிக்கு இதற்கான வழி கிடைத்தது. அவர் தேடியது வேறு ஒன்றை. இதயம் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அளக்க, இரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்திக் காதில் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் வரைகோடு ஆடியது அவருக்குத் தொந்தரவு. இரண்டு அலைநீளங்களை வைத்து அந்த ஆட்டத்தை ஒன்றுக்கொன்று கழித்து அழிக்க முயன்றார். ஆக்சிஜன் அளவு மாறினால் அந்தக் கழித்தல் சரியாக வரவில்லை. அப்படியானால் அந்த ஆட்டத்துக்குள்ளேயே ஆக்சிஜன் அளவு ஒளிந்திருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். 1974-இல் அந்தக் கருத்து வெளியே வந்தது. அதற்கு முன் இருந்த காது ஆக்சிமீட்டர்களில் காதைச் சூடாக்கி, அளவீட்டைச் சரிசெய்து, பொறுமையாக வேலை பார்க்க வேண்டியிருந்தது.

விரலுக்குள் துடிப்பது தமனி இரத்தம் மட்டுமே. மற்ற எல்லாம் அசையாமல் இருக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. வெளியே வரும் ஒளியில் துடிப்போடு ஏறி இறங்கும் சிறு பகுதியை எடுத்து, அசையாத பெரும் பகுதியால் வகுக்கிறார்கள். இதைச் சிவப்புக்கு ஒரு முறை, அகச்சிவப்புக்கு ஒரு முறை செய்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வரும் எண்ணுக்கு R என்று பெயர்.

```
R = (சிவப்பில் துடிக்கும் பகுதி / சிவப்பில் நிலையான பகுதி)
    ÷ (அகச்சிவப்பில் துடிக்கும் பகுதி / அகச்சிவப்பில் நிலையான பகுதி)

தோராயமாக: SpO2 = 110 − 25 × R
```

R 0.5 என்றால் சுமார் 97 அல்லது 98. R 1 என்றால் 85. உண்மையான கருவிகளில் இந்த நேர்கோட்டுச் சூத்திரம் இருக்காது. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்து, தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்து உருவாக்கிய ஒரு அட்டவணை உள்ளே இருக்கும். தன்னார்வலர்களை சுமார் 70 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோவதில்லை. அதனால் 70-க்குக் கீழே திரையில் வருவது நீட்டித்துக் கணித்த எண். 62-க்கும் 58-க்கும் உள்ள வித்தியாசத்தில் பெரிய அர்த்தம் தேட வேண்டாம்.

துடிக்கும் அந்தப் பகுதி எவ்வளவு சிறியது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. நல்ல சூடான விரலிலேயே அது மொத்த ஒளியில் ஓரிரு சதவீதம். கை குளிர்ந்து இரத்தக்குழாய் சுருங்கினால் 0.2 சதவீதத்துக்கும் கீழே போகும். பல மானிட்டர்களில் PI என்று ஒரு எண் வரும். அது இந்தத் துடிக்கும் பங்கின் அளவுதான். திரையில் ஓடும் அலையின் உயரத்தை அப்படி நம்ப முடியாது. பெரும்பாலான மானிட்டர்கள் அலையைத் தாமாகவே பெரிதாக்கித் திரையை நிரப்பிக் காட்டும். அலை அழகாக உயர்ந்து நிற்பதால் துடிப்பு வலுவாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அலையில் பார்க்க வேண்டியது அதன் வடிவம்: சரக்கென்று ஏறி, மெல்ல இறங்கி, இறங்கும்போது ஒரு சின்னப் பள்ளம். ஒவ்வொரு துடிப்பும் முந்தையதைப் போலவே இருக்க வேண்டும்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோயாளியின் உண்மையான சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினின் சதவீதம், 97 என்று வைத்துக்கொள்வோம். சூடான விரலில் சிவப்பில் துடிப்பு 1.0, அகச்சிவப்பில் 2.0. இரண்டும் அந்தந்த நிலையான பகுதியின் சதவீதத்தில். R 0.5. திரையில் 97. சரி, இதோடு சிறிது அசைவு சேர்கிறது. அசைவு தரும் ஆட்டம் இரண்டு நிறத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாக விழும், 0.1 என்று வைத்துக்கொள்வோம். 1.1-ஐ 2.1-ஆல் வகுத்தால் 0.52. திரையில் இன்னும் 97தான். அசைவு கண்ணுக்கே தெரியவில்லை.

அதே நோயாளியின் கை குளிர்ந்துவிட்டது. துடிப்பு பத்தில் ஒன்றாகக் குறைந்து, சிவப்பில் 0.1, அகச்சிவப்பில் 0.2. அசைவு முன்பிருந்த அதே 0.1. இப்போது 0.2-ஐ 0.3-ஆல் வகுக்க வேண்டும்: 0.67. திரை 93 என்கிறது. நடுக்கம் கூடி அசைவு 0.6 ஆகட்டும். 0.7-ஐ 0.8-ஆல் வகுத்தால் 0.875, திரையில் 88. இரத்தத்தில் ஆக்சிஜன் இம்மியும் குறையவில்லை. துடிப்பு மங்கிப்போய், அதன் இடத்தில் அசைவு தரும் ஆட்டம், அதாவது இரைச்சல், உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். இரைச்சல் இன்னும் கூடினால் R ஒன்றை நோக்கி நகரும், எண் 85-ஐ நோக்கி இறங்கும்.

உண்மைக் கருவி இத்தனை அப்பாவி இல்லை. அசைவை வடிகட்டும் கணக்குகள் அதில் இருக்கின்றன, புதியவற்றில் நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் இழுக்கும் திசை இதுதான். சிக்னல் கெட்டுப்போன ஆக்சிமீட்டர் எண்பதுகளின் நடுவே அலைவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

இதே கணக்கை மறுபக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும், அதைத்தான் பலரும் செய்வதில்லை. உண்மையில் 70-க்கு இறங்கிவிட்ட ஒருவரின் R சுமார் 1.6. குளிர்ந்த கையில் அகச்சிவப்பில் 0.2, சிவப்பில் 0.32. மேலே சொன்ன 0.6 இரைச்சலைச் சேர்த்தால் 0.92-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும், 1.15. திரையில் 81. அதாவது 97-இல் இருப்பவரை 88 என்றும் 70-இல் இருப்பவரை 81 என்றும் காட்டுகிறது. கெட்ட சிக்னல் எல்லோரையும் 85 பக்கம் இழுக்கிறது. ஆகவே 'சென்சார்தான் சரியில்லை, நோயாளி நன்றாகத்தான் இருப்பார்' என்று முடிவு கட்டுவதற்கு மோசமான அலை ஆதாரம் ஆகாது. இந்த எண்ணிலிருந்து எதுவும் தெரியவில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

அப்படியானால் கருவி நாடியைத்தான் படித்ததா, இரைச்சலைப் படித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் மார்பில் ஒட்டிய இசிஜி லீடுகள் உதவிக்கு வருகின்றன.

இசிஜி ஒளியை நம்பியிருக்கவில்லை, விரலை நம்பியிருக்கவில்லை. இதயத் தசையில் ஓடும் மின்சாரம் தோலின் மேல்பரப்பில் சுமார் ஒரு மில்லிவோல்ட் அளவுக்குத் தெரியும். இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை மானிட்டர் வரைகிறது. அந்தக் கோட்டில் உயர்ந்து நிற்கும் கூர்முனையை எண்ணி HR என்று காட்டுகிறது. ஆக்சிமீட்டர் தனது அலையை எண்ணி PR என்று காட்டுகிறது. ஒரே இதயத்தை இரண்டு வேறு வழிகளில் எண்ணிய இரண்டு எண்கள். இரண்டும் ஒத்துப்போனால் ஆக்சிமீட்டர் உண்மையான துடிப்பைப் பிடித்திருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் SpO2-வைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைத் தீர்க்க வேண்டும்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். 58 வயதுப் பெண், இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. உடல் குளிர்ந்து நடுங்குகிறார். வலது ஆள்காட்டி விரலில் சென்சார்; அதே கையில் பி.பி. கஃப், 15 நிமிடத்துக்கு ஒரு முறை தானாக இறுக்கிப் பார்க்கிறது. திரையில் SpO2 83, PR 141, HR 96, PI 0.2. அலை பற்களைப் போலக் கரடுமுரடாக, ஒன்று போல் ஒன்று இல்லாமல் ஓடுகிறது. பி.பி. 124/76.

முதலில் திரையை விட்டு நோயாளியைப் பார்க்க வேண்டும். முழு வாக்கியமாகப் பேசுகிறார், நிமிடத்துக்கு 18 மூச்சு, இரு பக்கமும் மார்பு சமமாக உயர்கிறது. நல்ல அடையாளங்கள்தான். உதடு நீலமாக இல்லை என்பதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆக்சிஜன் இறங்கிய ஹீமோகுளோபின் கணிசமாகச் சேர்ந்தால்தான் நீலம் கண்ணுக்குத் தெரியும். அறுவைச் சிகிச்சையில் இரத்தம் இழந்தவருக்கு அது இன்னும் தாமதமாகத் தெரியும். துளியும் சந்தேகம் இருந்தால் மாஸ்க்கைப் போட்டு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே மற்றதைப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

அடுத்தது மணிக்கட்டில் மூன்று விரல். எண்ணினால் 96. இது இசிஜியோடு ஒத்துப்போகிறது, ஆக்சிமீட்டரின் 141-ஓடு ஒத்துப்போகவில்லை. கையால் எண்ணாமல் இசிஜியை மட்டும் நம்பியிருந்தால் ஒரு ஆபத்து உண்டு: நடுக்கம் இசிஜி கோட்டையும் ஆட்டும், தசை நடுக்கத்தைத் துடிப்பு என்று எண்ணிவிடும். மூன்றாவது சாட்சியாக நம் விரல் இருப்பது அதனால்தான். இப்போது தெளிவாகிவிட்டது. 141 என்பது நடுக்கத்தின் எண்ணிக்கை. அந்த நடுக்கத்திலிருந்து கணக்கிட்ட 83-க்கு மதிப்பு எதுவும் இல்லை.

சென்சாரைக் கழற்றி, கஃப் இல்லாத இடது கைக்கு மாற்றி, அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்துச் சூடாக்குகிறார்கள். உடனே திரையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கருவி கடந்த சில நொடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது; குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு SpO2 96, PR 97, HR 96, PI 1.4, அலை ஒழுங்காக இருக்கிறது. பிரச்சினை கையில்தான் இருந்தது.

இதே பெண்ணுக்கு எண்கள் வேறு மாதிரி இருந்திருந்தால்? SpO2 83, PR 96, HR 96, PI 1.4, அழகான ஒரே மாதிரி அலை. அப்போது அவர் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் அந்த 83-ஐ நம்பித்தான் ஆக வேண்டும். இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி போய் அடைப்பது நடக்கக்கூடியது. வலி மருந்தால் மூச்சு மந்தமாவதும் நடக்கக்கூடியது. மருத்துவரை அழைக்க வேண்டிய நேரம் அது. இரண்டு காட்சியிலும் எண் ஒன்றே. பக்கத்தில் நிற்கும் மற்ற எண்கள்தான் பொருளை மாற்றுகின்றன.

விரலில் நடக்கும் வேறு சில குழப்பங்களுக்கு இரைச்சல் காரணம் அல்ல. அவற்றில் அலை ஒழுங்காகவே இருக்கும், PR-உம் பொருந்தும், ஆனாலும் எண் பொய்யாக இறங்கும். இவை கண்டுபிடிக்கக் கடினமானவை.

ஒன்று, சிரை இரத்தமும் துடிக்கும் நிலை. துடிப்பதெல்லாம் தமனி என்று கருவி நம்புகிறது என்று பார்த்தோம். ஒட்டும் வகை சென்சாரை பிளாஸ்திரி போட்டு இறுக்கிச் சுற்றிவிட்டால் சிரை இரத்தம் வெளியேற முடியாமல் தேங்கி, பக்கத்துத் தமனியின் துடிப்போடு சேர்ந்து அதுவும் லேசாகத் துடிக்கும். கை கட்டிலுக்குக் கீழே தொங்கினாலும் இதே கதை. இதயத்தின் வலப்பக்க வால்வு கடுமையாகக் கசியும் நோயாளிகளில் ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் சிரைக்குள் பின்னோக்கித் தள்ளப்படும். அங்கே சென்சாரில் தவறே இல்லாமல் எண் குறையலாம். சிரை இரத்தத்தின் சாச்சுரேஷன் எழுபதுகளில் இருக்கும், அது கலந்தால் எண் கீழேதான் போகும். இறுக்கத்தைத் தளர்த்தி, கையை இதயத்தின் மட்டத்துக்கு உயர்த்தினால் எண் ஏறுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, பாதி கழன்ற சென்சார். விரல் நுனி உள்ளே முழுதாகப் போகாமல், ஒளியின் ஒரு பகுதி விரலைத் தொடாமல் ஓரமாக வழிந்து உணரிக்குப் போகும். இரண்டு நிறமும் இரண்டு வேறு பாதையில் போவதால் R கணக்கே பிசகிவிடும். பெரியவர்களுக்கான கிளிப்பைக் குழந்தையின் விரலில் மாட்டினாலும் இதுதான் நடக்கும். விரலுக்கான கிளிப்பைக் காதில் மாட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. எண் வருகிறது என்பதற்காக அது சரியான எண் ஆகிவிடாது. அந்த சென்சார் காதுக்காக அளவுசெய்யப்பட்டது அல்ல. காதுக்கென்று தனி சென்சார் இருக்கிறது, குளிர்ந்த கைக்கு அதுவே நல்ல மாற்று.

நகச்சாயத்தைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. கறுப்பு, நீலம், பச்சை போன்ற அடர்நிறங்கள் எண்ணைச் சில புள்ளிகள் குறைக்கலாம், புதிய கருவிகளில் அதுவும் சொற்பம். 98-ஐ 84 ஆக்கும் அளவுக்கு நகச்சாயத்தைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் தவறான ஆளைப் பிடிப்பதாகிவிடும். சாயம் உறுத்தினால் சென்சாரைப் பக்கவாட்டில் திருப்பி மாட்டலாம். இரத்தசோகையும் எண்ணைக் குறைப்பதில்லை. இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்பதைத்தான் கருவி சொல்கிறது. கருந்தோல் விஷயத்தில் தவறு எதிர்த்திசையில் போகிறது, உண்மையைவிட உயர்வாகக் காட்டும் வாய்ப்பு அதிகம். பொய்யான தாழ்வைத் தேடும்போது இதை மறந்துவிட்டால் உண்மையான தாழ்வு கண்ணில் படாமல் போய்விடும்.

தாமதத்தையும் பொய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சளியை உறிஞ்சி எடுத்து, மாஸ்க் போட்டு, நோயாளி தேறிவிட்டார்; ஆனால் எண் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நுரையீரலில் ஏறிய ஆக்சிஜன் விரல் நுனிக்கு வந்து சேர வேண்டும், பிறகு சராசரிக்குள் நுழைய வேண்டும். குளிர்ந்த கையில் இது அரை நிமிடத்தைத் தாண்டும். அந்த எண் உண்மைதான், ஆனால் பழையது.

இதுவரை இசிஜியை நம்பகமான சாட்சியாக வைத்துப் பேசினேன். அதுவும் குறைத்துச் சொல்லும் நேரங்கள் உண்டு. மானிட்டர், கூர்முனை ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டினால் மட்டும் துடிப்பு என்று எண்ணுகிறது. எலக்ட்ரோடின் ஜெல் காய்ந்திருந்தால், தோலில் வியர்வையோ முடியோ இருந்தால், இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தால், அல்லது தேர்ந்தெடுத்த லீடின் திசையில் இதயத்தின் மின்சாரம் குறைவாகத் தெரிந்தால், கூர்முனை குட்டையாகிவிடும். சில துடிப்புகள் எல்லையைத் தாண்டும், சில தாண்டாது. HR 44 என்று காட்டி அலாரம் அடிக்கும். சில சமயம் இதயமே நின்றுவிட்டதாகவும் அலறும். அப்போது ஆக்சிமீட்டர் சாட்சி சொல்கிறது: PR 88, அலை ஒழுங்காக ஓடுகிறது, மணிக்கட்டிலும் 88. லீட் இரண்டிலிருந்து ஒன்றுக்கோ மூன்றுக்கோ மாற்றிப் பார்ப்பதே முதல் வேலை. அப்புறம் தோலைத் துடைத்து உலரவைத்துப் புது எலக்ட்ரோடு ஒட்டலாம்.

இதன் மறுதலை வந்தால் கதை வேறு. HR 88, PR 44. ஆக்சிமீட்டர் பாதியைத் தவறவிடுகிறது என்று தோன்றும். ஆனால் ஒரு இயல்பான துடிப்பு, அடுத்து ஒரு அவசரத் துடிப்பு என்று மாறி மாறி வரும் நோயாளிக்கு இரண்டு எண்களும் சரியே. அவசரத் துடிப்பின்போது இதயம் நிரம்பவே நேரம் இல்லாததால் விரல் வரை வரும் அளவுக்கு இரத்தம் வெளியேறுவதில்லை. மின்சாரம் 88 முறை, நாடி 44 முறை. இந்தக் குறைந்த PR பொய் அல்ல, நோயாளியைப் பற்றிய செய்தி. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனிலும் இப்படி இரண்டுக்கும் இடைவெளி இருக்கும்.

இதைவிடக் கடுமையானது, HR நன்றாகவே காட்டி, SpO2 அலை தட்டையாகிவிடுவது. 'விரலிலிருந்து கழன்றிருக்கும்' என்றுதான் கை சென்சாரை நோக்கிப் போகும். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இதயம் நின்ற பிறகும் பேஸ்மேக்கரின் மின்முனையை மானிட்டர் துடிப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். பேஸ்மேக்கர் இல்லாதவருக்கும் மின்சாரம் ஓடி, நாடி இல்லாத நிலை உண்டு. அலை போன நேரத்தில் பி.பி. கஃப் இறுகிக்கொண்டிருந்தால் காரணம் தெரிந்துவிடும். இல்லையென்றால் சென்சாரைத் தொடும் முன் கழுத்து நாடியைத் தொட வேண்டும்.

மூச்சு எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதே எலக்ட்ரோடுகளிலிருந்துதான் அதுவும் வருகிறது. மார்பு விரியும்போது எலக்ட்ரோடுகளுக்கு இடையே மின்தடை மாறுகிறது, அதை எண்ணுகிறார்கள். மேலோட்டமாகவோ வயிற்றாலோ மூச்சுவிடுபவருக்கு அது 6 என்று காட்டும். கடிகாரத்தை வைத்துக் கையால் எண்ணுவதற்கு இன்னும் மாற்று வரவில்லை என்பது என் கருத்து.

கடைசியாக, எல்லாம் சரியாக இருந்தும் 85-இல் பிடிவாதமாக நிற்கும் நோயாளிகள். கை சூடு, அலை சுத்தம், PR பொருந்துகிறது, மாஸ்க்கில் ஆக்சிஜன் எவ்வளவு கூட்டினாலும் எண் அசையவில்லை. இங்கே ஹீமோகுளோபினின் மாறிப்போன ஒரு வடிவமான மெத்ஹீமோகுளோபினை நினைக்க வேண்டும். இது சிவப்பையும் அகச்சிவப்பையும் ஏறக்குறைய ஒரே அளவில் உறிஞ்சுகிறது. R மீண்டும் ஒன்றை நோக்கிப் போகிறது. இந்த முறை இரைச்சல் இல்லாமல், இரத்தத்தின் நிறத்தாலேயே. தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோன் மருந்தைச் சாப்பிடுபவர்கள், பென்சோகெய்ன் அல்லது பிரிலோகெய்ன் மரப்பு மருந்து கொடுக்கப்பட்டவர்கள் ஆகியோரிடம் இது வரலாம். ஊசியில் எடுத்த இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். எண் பொய்தான், ஆனால் நோயாளி நலமாக இல்லை, ஏனென்றால் அந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்காது.

இதற்குக் கொடுக்கும் மருந்து மெத்திலீன் புளூ. அது சிவப்பு ஒளியை, கிட்டத்தட்ட சென்சார் பயன்படுத்தும் அதே அலைநீளத்தில், பலமாக உறிஞ்சும் சாயம். ஊசி போட்டதும் திரையில் SpO2 அறுபதுகளுக்குக்கூட விழலாம், சில நிமிடங்களில் மீண்டும் ஏறும். மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் மானிட்டர் எதிர்மாறாகச் சொல்லும். சிகிச்சை கொடுப்பவர் பக்கத்தில் நிற்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

சந்தேகத்தைத் தீர்க்கத் தமனி இரத்த வாயுப் பரிசோதனைக்கு, அதாவது ஏபிஜிக்கு, அனுப்புவார்கள். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண ஏபிஜி இயந்திரம் சாச்சுரேஷனை நேரடியாக அளப்பதில்லை; இரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தத்தை அளந்து, ஹீமோகுளோபின் இயல்பானது என்று எடுத்துக்கொண்டு சாச்சுரேஷனைக் கணக்குப் போட்டு எழுதுகிறது. மெத்ஹீமோகுளோபின் உள்ளவருக்கு அந்த அறிக்கையில் 98 என்று வரும், விரலில் 85 இருக்கும். அறிக்கையைப் பார்த்து 'ஆக்சிமீட்டர்தான் கெட்டுப்போயிற்று' என்று கருவியை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பல அலைநீளங்களில் ஒளியைப் பாய்ச்சி ஒவ்வொரு வகை ஹீமோகுளோபினையும் தனித்தனியாக அளப்பது கோ-ஆக்சிமீட்டர். மாதிரியை அனுப்பும்போதே அதில் போடச் சொல்லிக் கேட்டால்தான் மெத்ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் என்ற வரி அறிக்கையில் வரும்.